ஐசோமெட்ரிக் பிராக்டிகல்: எனக்கு மார்க் வாங்கிக் கொடுத்தது நிழல்தான்

ரிசல்ட் வந்துவிட்டது. டிசைன் டிப்ளமோ பிராக்டிகலில் தப்பித்தேன் என்பதைவிட நன்றாகவே செய்திருக்கிறேன். ஜூனியர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். கேள்வி இதுதான்: வீட்டுக்குக் காய்கறி கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு ஸ்டார்ட்அப். ஆர்டர், கிடங்கில் பேக்கிங், ஸ்கூட்டர், வாசல் என்ற நான்கு கட்டங்களையும் லேண்டிங் பக்கத்தின் ஒரு பகுதிக்கு ஐசோமெட்ரிக்கில் வரைய வேண்டும். தட்டையான வடிவத்தின் உயரத்தை 86.602 சதவீதமாக்கி, 30 டிகிரி சாய்த்து ஐசோமெட்ரிக் தளத்துக்குத் திருப்புகிற சமாச்சாரமெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

முதலில் பாதை. நான்கையும் ஒரே சாய்கோட்டில் வரிசையாக வைக்கத்தான் கை போகும். அப்படிப் போனால் 1200 பிக்சல் அகலத்துக்கு 693 பிக்சல் உயரம் ஏறிவிடும், இரண்டு மூலைகள் காலியாகக் கிடக்கும். நான் சாலையை மடக்கினேன்: முதல் துண்டு வலப்பக்கம் கீழே, அடுத்தது வலப்பக்கம் மேலே, மறுபடி கீழே. ஒவ்வொரு துண்டும் 400 பிக்சல் அகலம் என்பதால் ஏற்ற இறக்கம் 231-க்குள் அடங்கியது. படிக்கும் வரிசையும் இடமிருந்து வலமாகவே இருந்தது.

இனி நிழல். மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். ஐசோமெட்ரிக்கில் தள்ளிப் போகிற பொருள் சிறுக்காது. அதனால் ஒன்று உயரத்தில் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரியாது. ஒரு கனசதுரம் வரைந்து பாருங்கள், முன்பக்க மேல் மூலையும் பின்பக்கக் கீழ் மூலையும் ஒரே புள்ளியில் விழும். பக்கத்து சீட் நண்பன் வீட்டுக்கு மேலே லொகேஷன் பின்னை மிதக்கவிட்டிருந்தான். "டெலிவரி பின்தெருவுக்கா?" என்று கேட்டார் எக்ஸாமினர். வரைந்தது அச்சு அசலாக இருந்தும் பையனுக்குப் பதில் வரவில்லை.

என் படத்தில் லொகேஷன் பின்னுக்கு நேர் கீழே, வீட்டு மொட்டைமாடியின் மேல், ஒரு வட்டத்தை மேல்தளத்துக்குத் திருப்பி, மாடி நிறத்தையே கொஞ்சம் அடர்த்தியாக்கி வைத்தேன். அவ்வளவுதான், லொகேஷன் பின் அந்த மாடிக்கு மேலே நின்றுவிட்டது. நிழலைத் தரையில் வைத்திருந்தால் மறுபடி குழப்பம்தான். எந்தப் பரப்புக்கு மேலே மிதக்கிறதோ அந்தப் பரப்பில்தான் நிழல் விழ வேண்டும். கையில் தூக்கிய பெட்டிக்கும் இதே கதை.

மீதி, அவசரமாக:

- மேல் முகம் வெளிர், இடது நடுத்தரம், வலது அடர்த்தி. நான்கு கட்டத்திலும் இதை மாற்றாதீர்கள்.
- ஸ்கூட்டர் சக்கரத்தைக் கையால் நீள்வட்டமாகப் போடாதீர்கள். வட்டம் வரைந்து பக்கத் தளத்துக்குத் திருப்புங்கள். நீள்வட்டத்தின் குட்டை விட்டம் அச்சாணியின் திசையில் இல்லையென்றால் வண்டி சாய்வதுபோல் தெரியும்.
- படத்துக்குள் எழுத்து வேண்டாம்.

அப்புறம், மொபைல் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். 1200 பிக்சல் படத்தை 360-க்குச் சுருக்கினால் 40 பிக்சல் பெட்டி 12 ஆகிவிடும், தக்காளியா வெங்காயமா என்றே தெரியாது. அதனால் ஒவ்வொரு கட்டத்தையும் தனி மேடையில், தனி குரூப்பாக வையுங்கள். சாலைத் துண்டுகளை எடுத்துவிட்டு, நான்கு SVG கோப்புகளாக ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக் காட்டலாம்.