இரண்டு லட்சம், நாற்பது பேர், ரெண்டு ரூபாய் வட்டி

எங்கள் பெரியப்பா பொள்ளாச்சிப் பக்கம் புரோநோட்டில் கடன் கொடுத்து வாங்குபவர். நூற்றுக்கு மாதம் ரெண்டு ரூபாய், அதாவது வருடத்துக்கு 24 சதவீதம். 2023 ஜனவரியில், முகம் தெரியாத ஆட்களுக்கு நாமே நேரடியாகக் கடன் கொடுக்க வழி செய்யும் இணையத் தளம் ஒன்றில் இரண்டு லட்சம் போடப் போகிறேன், அங்கேயும் 24 சதவீதம்தான் என்றபோது அவர் கேட்டது ஒரே கேள்வி. "ஏங் கண்ணு, கொடுக்கலைன்னா நீ யார் வீட்டு வாசல்ல போய் உட்காருவே?"

அதற்கு என்னிடம் ஒரு கணக்கு இருந்தது. ஐந்து சதவீதம் பேர் ஏமாற்றினாலும் 24-இல் ஐந்து போனால் 19. தளத்தின் கட்டணம் ஒன்று போனால் 18. வங்கி வைப்புநிதியைவிட இரண்டு மடங்குக்கு மேல். இந்தக் கணக்கு தப்பு. எங்கே தப்பு என்று தெரிய எனக்குப் பதினாலு மாதம் ஆனது.

முதலில் செய்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். அது ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற தளமா என்று பார்த்தேன். இந்த வகை நிறுவனங்களுக்கு 2017 அக்டோபரில் வந்த விதிகள் இருந்தன. கடன் கொடுப்பவர் பணம் அறங்காவலர் பொறுப்பிலுள்ள எஸ்க்ரோ கணக்கு வழியாகத்தான் போய் வர வேண்டும். ஒரே ஆளுக்கு 50,000-க்கு மேல் நாம் கொடுக்க முடியாது. தளம் உத்தரவாதம் எதுவும் தரக் கூடாது. கடைசி விதியைப் படித்தும் நான் அதை மனதில் வாங்கவில்லை. தளம் வெறும் தரகர்தான். கடன் போனால் முழுக்க நம் தலையில்.

கடன் கேட்பவர்களைத் தளம் நம்பகத்தன்மையை வைத்து வகுப்புகளாகப் பிரிக்கும்; ஒரே வகுப்பில் நாற்பது பேரைத் தேர்ந்தெடுத்து ஆளுக்கு 5,000 கொடுத்தேன். 24 சதவீத வட்டி, பன்னிரண்டு மாதத் தவணை. கொடுத்த தொகையில் ஒரு சதவீதம் கட்டணம், அதற்கு ஜிஎஸ்டி, ஆக 2,360 ரூபாய் முதலிலேயே போனது.

இப்போது ஒரே ஒரு கடனைப் பார்ப்போம். 5,000 ரூபாய்க்கு மாதத் தவணை 472 ரூபாய் 80 காசு. பன்னிரண்டு தவணையும் ஒழுங்காகக் கட்டினால் நமக்கு வருவது 5,673 ரூபாய் சொச்சம். வட்டி 673 மட்டும். பெரியப்பா கொடுக்கும் ரெண்டு ரூபாய் வட்டிக்கு இதே 5,000 வருடத்தில் 1,200 கொண்டு வரும், ஏனென்றால் அங்கே அசல் கடைசிவரை அப்படியே நிற்கும். இங்கே மாதாமாதம் அசலும் சேர்ந்து கரைகிறது. பாதி வருடத்துக்குள் ஏறக்குறைய பாதி அசல் திரும்பி வந்துவிடுவதால், வட்டி விகிதம் அதே 24 என்றாலும் வட்டித் தொகை அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான்.

ஆனால் நஷ்டம் அப்படிப் பாதியாவதில்லை. ஒருவர் முதல் தவணையே கட்டாமல் போனால் போவது முழு 5,000. அதை ஈடுகட்ட 673 ரூபாய் கொடுக்கும் ஏழரைப் பேர் வேண்டும். நான் 24-இல் ஐந்தைக் கழித்தபோது, வருட வட்டி விகிதத்திலிருந்து ஆள் எண்ணிக்கையின் சதவீதத்தைக் கழித்திருக்கிறேன். இரண்டும் ஒரே அளவுகோலே அல்ல.

என் நாற்பதில் நான்கு பேர் தவணை கட்டாமல் நின்றார்கள். ஒருவர் ஒரு தவணைகூடக் கட்டவில்லை. அவருடைய வங்கிக் கணக்கிலிருந்து தவணையைத் தானாக எடுக்கும் நாச் ஆணை முதல் மாதமே திரும்பியது, போன் எடுக்கவில்லை. இன்னொருவர் இரண்டு தவணையோடும், மூன்றாமவர் மூன்று தவணையோடும் நிறுத்தினார்கள். நான்காமவர் ஏழு தவணை ஒழுங்காகக் கட்டியவர். வேலை போய்விட்டது என்று வசூல்காரரிடம் சொன்னாராம். நான்கு பேருக்கும் கொடுத்தது 20,000, தவணையாகத் திரும்பி வந்தது 5,674. குறை 14,326 ரூபாய்.

மிச்சம் முப்பத்தாறு பேர் கொடுத்த வட்டி 24,249. அதில் 14,326 போய், கட்டணம் 2,360-ம் போக, கையில் 7,563. பதினாலாம் மாதம் வசூல்காரர்கள் இரண்டாமவரிடமிருந்து 1,200 வாங்கிக் கொடுத்தார்கள். ஆக 8,763 ரூபாய்.

இதை வருட வருமானமாக மாற்ற, எக்செல் தாளில் தேதிகளை ஒரு பத்தியிலும் தொகைகளை அடுத்த பத்தியிலும் போட்டேன். முதல் வரிசையில் கட்டணத்தோடு சேர்த்து மைனஸ் 2,02,360. பிறகு மாதாமாதம் வந்தது. கடைசியில் அந்த 1,200. பணம் போய் வந்த தேதிகளை வைத்து வருட விகிதத்தைக் கண்டுபிடிக்கும் சூத்திரம் இது:

```
=XIRR(B2:B15, A2:A15)
```

வந்த விடை எட்டேகால் சதவீதத்துக்குப் பக்கத்தில். தளத்தின் முகப்புத் திரை அதே நாளில் எனக்குக் காட்டிய எண் இருபதுக்கு மேல்! அது ஒழுங்காகக் கட்டிய கடன்களின் வட்டி விகிதச் சராசரி. நின்றுபோன நால்வரும் அந்தச் சராசரிக்குள்ளேயே இல்லை.

அப்புறம்தான் உட்கார்ந்து, முதலில் செய்திருக்க வேண்டிய கணக்கைச் செய்தேன். விகிதத்தை விட்டுவிட்டு ரூபாயில். ஒழுங்காகக் கட்டுபவர் தருவது 673. நிற்பவர் சராசரியாக மூன்று தவணை கட்டிவிட்டு நிற்கிறார் என்று வைத்தால் அவரால் நஷ்டம் 3,580 சொச்சம். கட்டணம் ஒரு கடனுக்கு 59. நூறு பேரில் ஐந்து பேர் நின்றால், ஒரு கடனுக்கு எதிர்பார்க்கக்கூடிய லாபம் 402 ரூபாய். பத்துப் பேர் நின்றால் 189. பதினைந்து பேர் நின்றால் 24 ரூபாய் நஷ்டம். வருட வருமானமாகச் சொன்னால் ஐந்து பேருக்குப் பதினைந்தரை, பத்துப் பேருக்கு ஏழு. நிற்பவர்கள் நூற்றுக்கு ஒருவர் கூடினால் வருமானத்தில் ஒன்றரைக்கு மேல் போகிறது. நான் ஒன்றுக்கு ஒன்று என்று நினைத்திருந்தேன்.

இன்னொன்று, என் நாற்பதில் பத்து சதவீதம் பேர் நின்றதால் அந்த வகுப்பு முழுவதிலும் பத்து சதவீதம் பேர் நிற்பார்கள் என்றும் சொல்ல முடியாது. நாற்பது பேர் என்பது சின்னக் கூட்டம். உண்மையில் பத்து சதவீதமே இருந்தாலும் ஒருவருக்கு இரண்டு பேர் நிற்பார்கள், இன்னொருவருக்கு ஆறு பேர் நிற்பார்கள், இரண்டும் சாதாரணம்தான். இரண்டு பேர் நின்றவர் "சூப்பர் சார், பதினைந்து சதவீதம்" என்பார். ஆறு பேர் நின்றிருந்தால் நான் போட்ட முதலே குறைந்திருக்கும்.

சரி, அந்த ஐந்து சதவீதம் என்ற எண்ணை நான் எங்கே பிடித்தேன்? தளம் தன் பக்கத்தில் வாராக்கடன் மூன்றரை சதவீதம் என்று போட்டிருந்தது, அதைக் கொஞ்சம் கூட்டி ஐந்து என்று வைத்தேன். பொய் இல்லை, ஆனால் அது எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும். தவணை தவறி 90 நாள் தாண்டினால்தான் வாராக்கடன். கடன் கொடுத்து முப்பதாவது நாள்தான் முதல் தவணை. ஆகவே கொடுத்து நான்கு மாதம்கூட ஆகாத எந்தக் கடனும், ஒரு பைசா வராவிட்டாலும், அந்தப் பட்டியலில் ஏறவே முடியாது.

போன வருடம் பத்தாயிரம் கடன் கொடுத்து அதில் ஆயிரம் கெட்டுப்போயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து சதவீதம். இந்த மூன்று மாதத்தில் புதிதாக இருபதாயிரம் கடன் கொடுத்தால், முப்பதாயிரத்தில் ஆயிரம் என்று ஆகி 3.3 சதவீதமாகத் தெரியும். யாரும் ஒழுங்காகிவிடவில்லை, பாலில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். வேகமாக வளரும் தளத்தில் இந்த எண் எப்போதும் அழகாகத்தான் இருக்கும். கேட்க வேண்டியது, குறிப்பிட்ட ஒரு மாதத்தில் கொடுத்த கடன்கள் முழுத் தவணைக் காலமும் முடிந்த பிறகு எத்தனை நின்றன என்பது. நான் எழுதிக் கேட்டேன். மூன்று மின்னஞ்சலுக்குப் பிறகு, முகப்பில் உள்ள அதே எண்ணை அனுப்பி வைத்தார்கள்.

வசூலைப் பற்றி ஒரு வார்த்தை. ஒருவர் வாங்கிய 50,000-ல் என் பங்கு 5,000. வக்கீல் நோட்டீஸ், நடுவர் தீர்ப்பு என்று போனால் செலவை அவருக்குக் கடன் கொடுத்த பத்துப் பேரும் பிரித்துக்கொள்ள வேண்டும். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. பெரியப்பாவின் வாசல் கேள்விக்கு விடை இதுதான்: எனக்கு வாசல் கிடையாது.

இத்தோடு முடிந்தது என்று நினைத்து எங்கள் ஆடிட்டரிடம் தாளைக் கொடுத்தேன். வந்த வட்டி முழுவதும், நின்றவர்கள் நிற்பதற்கு முன் கொடுத்த வட்டியும் சேர்த்து 25,258 ரூபாய், இதர வருமானம். அதற்கு வரி உண்டு. போன அசலை இதில் கழித்துக்கொள்ளலாமே என்றேன். "நீங்க வட்டித் தொழில் பண்றவர் இல்லையே சார், அது மூலதன நஷ்டம், இதுல கழிக்க முடியாது" என்றார். நான் இருபது சதவீத வரி அடுக்கில் இருப்பவன். செஸ் சேர்த்து 5,253 ரூபாய். லாபம் 8,763-ல் இது போக மிஞ்சியது 3,510 ரூபாய். வருடத்துக்கு மூன்றேகால் சதவீதம். ஏழு சதவீத வைப்புநிதியில் போட்டிருந்தால் வரி போக ஐந்தரை கிடைத்திருக்கும். வரி லாபத்துக்கு அல்ல, வட்டிக்கு என்பது இந்தத் தொழிலில் எவ்வளவு பெரிய ஓட்டை என்று அன்றுதான் புரிந்தது.

என் அலுவலக நண்பர் வேறு வழியில் போனார். எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், நிலையான வருமானம் என்று இன்னொரு தளம் விற்ற திட்டத்தில் போட்டார். மாதாமாதம் சொன்னபடி வந்தது, என்னைக் கிண்டலும் செய்தார். 2024 ஆகஸ்ட் 16-ஆம் தேதி ரிசர்வ் வங்கி விதிகளை இறுக்கியது. உத்தரவாத வருமானமும் உடனடிப் பணமும் கிடைக்கும் முதலீடு என்று இதை விற்கக் கூடாது, அசலிலும் வட்டியிலும் கடன் கொடுத்தவர்கள் பட்ட நஷ்டத்தை வெளியிட வேண்டும் என்றெல்லாம் சொன்னது. அதன் பிறகு அவருக்கு எடுக்கும் பொத்தான் வேலை செய்யவில்லை. கடன்காரர்கள் தவணை கட்டக் கட்டத்தான் பணம் வரும் என்றார்கள். அடியில் இருந்ததும் என்னுடையதைப் போன்ற கடன்கள்தான்.

நான் முழுக்க வெளியே வரவில்லை. 50,000 மட்டும் வைத்திருக்கிறேன். முன்பு வாங்கிய கடனை இதே தளத்தில் கட்டி முடித்து மறுபடி கேட்பவர்களுக்கு மட்டும், ஆளுக்கு 1,000. வட்டி 18 சதவீதம்தான் கிடைக்கிறது. ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே முதல் தவணை வந்த தேதியை எழுதி வைக்கிறேன், ஐம்பது பேரில் இருவருக்கு மேல் முதல் தவணை தவறினால் அந்த வகுப்பில் அடுத்த மாதம் போடுவதில்லை. ஏழு தவணை கட்டியவரின் நிலை என் திரையில் இன்னமும் 'வசூல் நடவடிக்கையில்' என்றே இருக்கிறது.