கடவுளை எடுத்துவிட்டால் வாழ்த்துவது யார்?

ஆங்கிலத்தில் மூன்றே வாக்கியம். அறுவை சிகிச்சை முடிந்து வீட்டிலிருக்கும் மூத்த அதிகாரிக்கு அவர் பிரிவில் வேலை பார்க்கும் பெண் எழுதியது. அதைத் தமிழாக்க வேண்டும். முதல் வரைவு சொல்லுக்குச் சொல் வந்தது: “இறைவன் சித்தமிருந்தால் அடுத்த மாதம் உங்களை அலுவலகத்தில் பார்ப்போம். உங்களுக்காகப் பிரார்த்திக்கிறேன். கடவுள் உங்களையும் குடும்பத்தையும் ஆசீர்வதிப்பாராக.” அதிகாரிக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. செய்தியோ பிரிவு முழுவதன் பெயரில் போகிறது. கடவுளைத் தவிர்க்க வேண்டும், ஆனால் அலுவலகச் சுற்றறிக்கை மாதிரி ஆகிவிடக் கூடாது.

முதல் வாக்கியத்தில் உடனே கைக்கு வருவது “சூழ்நிலை அனுமதித்தால்”. அதைவிட மோசம் “முடிந்தால் பார்ப்போம்”. இரண்டும் கடவுளை எடுக்கின்றன, கூடவே ஆசையையும் எடுத்துவிடுகின்றன. ‘இறைவன் சித்தமிருந்தால்’ என்பவருக்குப் பார்க்க வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. நடப்பது தன் கையில் இல்லை என்றுதான் சொல்கிறார். ‘முடிந்தால்’ என்றதும் அந்தச் சந்தேகம் பேசுபவரின் மனசுக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது. கல்யாணப் பத்திரிகை கொடுத்தவரிடம் “முடிந்தால் வர்றேன்” என்றால் அவருக்கு என்ன புரியுமோ, அதுவேதான் இங்கும் புரியும்.

அதனால் ஆசையை முன்னால் வைத்து, நிபந்தனையைப் பின்னால் தள்ள வேண்டும்: “அடுத்த மாதம் நீங்கள் வந்துவிட வேண்டும் என்று காத்திருக்கிறோம், எல்லாம் நல்லபடியாகக் கூடிவரட்டும்.” ‘கூடிவருவது’ யாரும் செய்து முடிக்கும் காரியமில்லை, தானாக அமைவது. பணிவு அதிலேயே இருக்கிறது. கடவுள் இருந்த இடத்தில் ‘இயற்கை’யையோ ‘பிரபஞ்ச’த்தையோ வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அது பெயர்ப்பலகையை மட்டும் மாற்றுவது. நம்பாதவருக்கு அதுவும் கடவுள்தான், நம்புகிறவருக்கோ அது போலி.

சிக்கல் மூன்றாவது வாக்கியத்தில். தமிழில் வாழ்த்த ஆள் தேவையில்லை என்று முதலில் தோன்றும். வாழ்க, வளர்க, நலம் பெறுக என்ற வியங்கோள் வடிவமே போதும், கொடுப்பவர் யார் என்று அது சொல்வதில்லை. ஆகவே “நீங்களும் குடும்பமும் நீடூழி வாழ்க” என்று எழுதி முடித்துவிடலாமே?

முடியாது. ‘கடவுள் ஆசீர்வதிப்பாராக’ என்றபோது ஆசி கடவுளிடமிருந்து போனது. எழுதிய பெண் கேட்டுக்கொண்டவர் மட்டும்தான். கடவுளை எடுத்ததும் அந்த இடம் காலியாக இருப்பதில்லை, எழுதியவரே அதில் ஏறி நிற்கிறார். வயதிலும் பதவியிலும் சின்னவர் பெரியவரை ஆசீர்வதிப்பதாக ஆகிவிடுகிறது. “வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்” என்று பேனரில் போடுகிற ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாக்கியத்தில் பிழை இருக்காது, படிப்பவருக்கு மட்டும் ஏதோ உறுத்தும். மேடையிலும் விழா மலரிலும் ‘வாழ்க’ உறுத்தாது, அங்கே கூட்டம் பேசுகிறது. கட்டிலில் கிடப்பவரின் போனுக்கு வருவது வேறு.

சின்னவர் பெரியவருக்குச் சொல்ல நம்மிடம் இருப்பது ‘வேண்டும்’: “நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருக்க வேண்டும்.” இது விருப்பம், ஆசி இல்லை; கீழிருந்து மேலே போகலாம். எழுதுபவர் மூத்தவராக இருந்தால் இதே இடத்தில் “நல்லா இருங்க” போதும். யார் யாருக்கு எழுதுகிறார் என்று தெரியாமல் இந்த வாக்கியத்தில் கை வைக்கக் கூடாது.

நடுவிலிருந்த ‘பிரார்த்திக்கிறேன்’ “உங்களையே நினைத்துக்கொண்டிருக்கிறோம்” ஆனது. அதைப் பார்த்த அந்தப் பெண் சொன்னார்: “சார், நான் நினைச்சுக்கிட்டு மட்டும் இல்லையே. தினமும் பிரார்த்தனை பண்றேன்.”

செய்தி பிரிவின் பெயரில் போகிறது, படிப்பவர் நம்பாதவர், ஆகவே மாற்றியதுதான் சரி என்று பதில் சொல்லலாம், சொல்லவும் பட்டது. ஆனால் மற்ற இரண்டு வாக்கியங்களைப் போல இதில் கடவுள் வழக்குச் சொல்லாக வரவில்லை. ‘தெய்வாதீனமாக’ என்பதை ‘நல்லவேளையாக’ என்று மாற்றினால் யாரும் எதையும் இழப்பதில்லை. பிரார்த்தனையோ ஒருவர் நேரம் ஒதுக்கிச் செய்கிற வேலை. அதை ‘நினைப்பது’ என்றாக்கினால் அவர் செய்ததைக் குறைத்துச் சொன்னதாகிறது. ஈடுகட்ட “எந்த உதவி வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்” என்று சேர்த்தால், அவர் தராத வாக்கை அவர் பெயரில் தந்ததாகிறது. நம்பாதவர்களுக்கும் தனக்காக ஒருவர் வேண்டிக்கொண்டார் என்பது பெரும்பாலும் கசப்பதில்லை. தன்னையும் வேண்டச் சொல்லும் வாக்கியம்தான் கசக்கும். அப்படிப் பார்த்தால் அந்த ஒரு சொல்லைத் தொட்டிருக்கவே வேண்டாமோ என்றும் படுகிறது. பிரிவில் வேண்டிக்கொள்ளாத மற்றவர்களும் அதே செய்தியின் கீழ் இருக்கிறார்களே என்று உடனே மறுக்கவும் தோன்றுகிறது.

கடைசியில் போனது இது: “அடுத்த மாதம் நீங்கள் வந்துவிட வேண்டும் என்று காத்திருக்கிறோம்; எல்லாம் நல்லபடியாகக் கூடிவரட்டும். உங்களையே நினைத்துக்கொண்டிருக்கிறோம். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருக்க வேண்டும்.” பிரிவின் பெயருக்குக் கீழே, அந்தப் பெண் தன் பெயரில் தனியாக ஒரு வரி சேர்த்துக்கொண்டார்: “நான் பிரார்த்திக்கிறேன், சார்.”