வலிக்காத இடம்தான் வம்பு

நாலு வருடமாகக் காலையும் இரவும் இன்சுலின் பேனா குத்துகிறேன். தொப்புளுக்கு வலப்பக்கம், எப்போதும் அதே இடம். அங்கே குத்தினால் வலியே தெரியாது. அதுதான் வினை என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

போன வருடம் சர்க்கரை சொன்னபடி கேட்கவில்லை. மரச்சீனியும் மீன் குழம்பும் சாப்பிட்ட நாளில் 280, மறுவாரம் அதே சாப்பாட்டுக்கு 110. காலையில் 26, இரவில் 16 யூனிட் என்றிருந்த அளவை டாக்டர் 32, 20 என்று ஏற்றினார். அப்படியும் சரியாகவில்லை.

தக்கலையில் ஒரு கிளினிக்கில் நர்ஸம்மா, “அண்ணாச்சி, சட்டையைத் தூக்குங்க” என்றார். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. விரலால் மெதுவாகத் தடவியதும் எலுமிச்சை அளவில் ரப்பர் மாதிரி ஒரு தடிப்பு சிக்கியது. ஒரே இடத்தில் இன்சுலின் போய்ப்போய்க் கொழுப்பு தடித்துவிட்டதாம். அதற்குள் போகும் மருந்து ஒருநாள் மெதுவாக இறங்கும், ஒருநாள் சட்டென்று இறங்கும். ஒரே ஊசியை நாலைந்து நாள் வைத்துக் குத்தியதும் தடிப்பை வளர்த்திருக்கும் என்றார். காசு மிச்சம் என்று நினைத்துச் செய்த வேலை அது.

நான் வைத்திருந்தது 8 மி.மீ. ஊசி. தொப்பை இருக்கிறதே, சின்ன ஊசி எட்டுமா என்று கேட்டேன். ஆள் பெருத்தாலும் தோல் மட்டும் இரண்டு, இரண்டரை மி.மீ. கனம்தானாம். தோலைத் தாண்டிக் கொழுப்பில் விழுந்தால் போதும், அதற்கு 4 மி.மீ. தாராளம். நேராகக் குத்தி, பத்து எண்ணிவிட்டு உருவ வேண்டும். நீள ஊசி, முக்கியமாகத் தொடையில், தசைக்குள் போய்விடலாம். அப்படிப் போனால் சர்க்கரை திடீரென்று இறங்கும்.

அப்புறம் என் வயிற்றில் பேனாவால் கூட்டல் குறி போட்டு நாலாகப் பிரித்தார். காலை ஊசி வயிற்றில், வாரத்துக்கு ஒரு கால்பாகம். அதற்குள்ளும் நேற்றுக் குத்திய இடத்திலிருந்து ஒரு விரல் தள்ளி. தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் அகலம் விட்டுவிட வேண்டும். இரவு ஊசி தொடையின் வெளிப்பக்கம், ஒரு வாரம் இடது, மறுவாரம் வலது.

நல்ல இடத்துக்கு மாறினால் மருந்து முழுதாக வேலை செய்யும் என்று டாக்டர் அன்றைக்கே அளவை ஐந்தில் ஒரு பங்கு குறைத்து, 26, 16 என்று பழையபடி ஆக்கினார். அப்படியும் மூன்றாம் நாள் பகல் 11 மணிக்குக் கை நடுங்கி வேர்த்தது. பார்த்தால் 64. மூன்று ஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, கால் மணி நேரம் கழித்துப் பார்த்தேன், 92. டாக்டருக்குப் போன் செய்ததும் காலை அளவை 24 ஆக்கினார். குறைக்காமல் அதே 32 யூனிட்டை நல்ல இடத்தில் குத்தியிருந்தால் மயங்கியே விழுந்திருப்பேன்.

ஐந்து மாதம் ஆகிறது. ஞாயிறுதோறும் குளிக்கும்போது சோப்பு நுரையோடு வயிற்றைத் தடவிப் பார்க்கிறேன். தடிப்பு நெல்லிக்காய் அளவுக்கு வந்திருக்கிறது. பேனாவை எடுத்தால் கை இன்னும் அங்கேதான் போகிறது.