ஊதும் நொடியில் முகம் வெளுக்காமல் கிடைத்த மெழுகுவர்த்திப் படம்

நான் முயன்ற மூன்றாவது பிறந்தநாளில்தான் நினைத்த படம் கிடைத்தது. அக்கா மகள் கன்னத்தை உப்பவைத்துக் குனிந்திருக்கிறாள், ஏழு சுடர்களும் அவளை விட்டு விலகிச் சாய்ந்திருக்கின்றன, முகத்தில் பொன்னிறம் இருக்கிறது, ஆனால் கன்னத்தில் தோலும் தெரிகிறது. அந்தக் கடைசி விஷயத்துக்குத்தான் இரண்டு வருடம் ஆனது.

முதல் வருடம் கேமரா தானாகவே ஃபிளாஷைத் தூக்கியது. முகம் வெள்ளை, பின்சுவரில் கருப்பு நிழல், சுடர்கள் வெறும் மஞ்சள் புள்ளிகள். படத்தின் விவரத்தைப் பார்த்தால் லென்ஸ் துளை f/4, ஷட்டர் 1/60 நொடி, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 400 என்று இருந்தது. இந்த வருடம் மெழுகுவர்த்தி வெளிச்சத்துக்கு மட்டும் நான் வைத்தது f/2, 1/100, ஐஎஸ்ஓ 3200. இரண்டையும் ஒப்பிட்டால் வித்தியாசம் நான்கு ஸ்டாப்புக்கும் மேல், ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு. அதாவது, ஃபிளாஷ் படத்தில் மெழுகுவர்த்தியின் ஒளி தேவையானதில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான் பதிவாகியிருக்கிறது. மீதி முழுக்க ஃபிளாஷ். சுடரின் ஒளி முகத்தில் விழவே இல்லை என்பது போலத் தெரிந்ததற்கு அதுதான் காரணம்.

போன வருடம் ஃபிளாஷை அணைத்துவிட்டு, மேனுவலுக்கு மாறி, 50 மிமீ லென்ஸோடு உட்கார்ந்தேன். பாட்டுப் பாடும்போது எடுத்தவை எல்லாம் அருமை. ஊதும்போது எடுத்த பதினொன்றும் பாழ். முகம் தட்டையான ஆரஞ்சு நிறத்தில், பூசணிக்காய்க்குள் விளக்கு வைத்தது போல. அதே அறை, அதே அமைப்பு, சில நொடிதான் இடைவெளி. ரொம்ப நாள் ஒளியின் நிறத்தை ஈடுகட்டும் ஒயிட் பேலன்ஸைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு ராத்திரி, கேக்குக்குப் பதிலாக ஒரு கிண்ணம் நிறைய அரிசி கொட்டி, அதில் ஏழு மெழுகுவர்த்தியைக் குத்தி, எதிரே ஒரு துணிப் பொம்மையை உட்காரவைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது.

தூரம்தான். உட்கார்ந்திருக்கும்போது முகத்துக்கும் சுடருக்கும் 40 செ.மீ. ஊதக் குனிந்தால் 20 செ.மீ. வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும் என்று எல்லோரும் படித்ததுதான். பாதியாக நெருங்கினால் நான்கு மடங்கு, அதாவது இரண்டு ஸ்டாப். சுடர்கள் ஒரே புள்ளியில் இல்லாமல் கேக் முழுக்கப் பரவியிருப்பதால் உண்மையில் அவ்வளவு ஏறவில்லை. பொம்மையை நகர்த்தி அளந்ததில் ஒன்றரை ஸ்டாப்புக்குச் சற்றுக் குறைவாக வந்தது. பகல் வெளிச்சத்தில் யாரும் கவலைப்படாத ஒரு குனிதல், இங்கே முகத்தை எரித்துவிடுகிறது.

அதுவும் எரிவது சிவப்பு மட்டும். மெழுகுவர்த்தியின் நிற வெப்பநிலை ஏறக்குறைய 1900 கெல்வின், நீலம் மிகவும் குறைவு, சிவப்பு கொட்டிக் கிடக்கும். மொத்த வெளிச்சத்தின் பரவலைக் காட்டும் ஒற்றை வரைபடமான ஹிஸ்டோகிராம் நடுவில் ஒழுங்காக நிற்கும், நாமும் நம்பிவிடுவோம். மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்தால் சிவப்பு வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். சிவப்பு முட்டியதும் கன்னத்தின் மேடு பள்ளம் போய்விடும். சுருக்கப்படாத ரா கோப்பாக எடுத்திருந்தாலும் அளவு மீறினால் திரும்ப வராது. சுடரின் நடுப்பகுதி எப்படியும் வெள்ளையாகத்தான் போகும், அதைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. கன்னத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்த்து, அதில் சிவப்பு முட்டாமல் இருந்தால் போதும். ஒயிட் பேலன்ஸை 2500 கெல்வினில் நிறுத்திவிட்டேன். அது சுடரின் உண்மையான அளவை விடக் கூட என்பதால் பொன்னிறம் கொஞ்சம் தங்கிவிடும், தானியங்கியில் வரும் பூசணி நிறமும் இருக்காது.

சரி, குனியும்போது எதைக் குறைப்பது? ஷட்டரைக் கூட்டலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் f/2-ல், ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில், என் சிறிய சென்சார் கேமராவில் தெளிவாக விழும் ஆழம் நான்கைந்து செ.மீ. தான். கண் தெளிவாக இருந்தால் முன்வரிசைச் சுடர் கரைந்துவிடும். அதனால் வெளிச்சம் ஏறுகிற அந்த அளவை லென்ஸ் துளையில், அதாவது அப்பர்ச்சரில் செலவழித்தேன். f/2-லிருந்து நான்கு கிளிக், ஒவ்வொன்றும் மூன்றில் ஒரு ஸ்டாப், 2.2, 2.5, 2.8, 3.2. முகம் சுடரை நெருங்கி வருகிறது, ஆழமும் கூடுகிறது, இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து கண்ணும் சுடரும் ஏறக்குறைய ஒரே தெளிவில் வந்துவிடுகின்றன. ஷட்டர் 1/100-லேயே இருக்கிறது. காற்றை உள்ளே இழுத்து ஊதுவதற்கு முன் குழந்தைகள் ஒரு கணம் அசையாமல் நிற்பார்கள், அதற்கு இது போதும்.

அந்த நான்கு கிளிக்கைக் கண்ணால் பார்க்காமல் செய்யக் கட்டைவிரலைப் பழக்கினேன். ஒரு வாரம் டிவி பார்க்கும்போதெல்லாம் கையில் கேமரா. "சித்தி, ஊதட்டுமா?" என்று அவள் கேட்டதும் டக் டக் டக் டக், "ஊதுடா கண்ணு" என்றேன், அவ்வளவுதான். ஃபோகஸ் கண்ணில், சுடரில் வைத்தால் அது ஆடிக்கொண்டே இருக்கும், லென்ஸும் முன்னும் பின்னும் தேடும். தொடர்ச்சியாக எடுத்த ஒன்பதில் மூன்றாவதுதான் அந்தப் படம். ஐந்தாவதிலிருந்து இருட்டத் தொடங்கிவிட்டது, ஏழில் இரண்டு சுடர்தான் மிச்சம் என்றால் வெளிச்சமும் அவ்வளவுதானே. முதல் சுடர் அணைவதற்கு முன்பே பொத்தானை அழுத்திவிட வேண்டும்.

மெழுகுவர்த்தியைப் பற்றி ஒரு வார்த்தை. முறுக்கு வடிவ மெல்லிய வகை, சுடரும் சின்னது, பாட்டு முடிவதற்குள் பாதியாகிவிடும். உயரமான, திரி தடித்த வகை எனக்குப் பிடித்துவிட்டது. வெளிச்சம் கூடுதல் என்பது மட்டுமல்ல, சுடர் மேலே இருப்பதால் முகத்தில் கீழிருந்து அடிக்கும் பேய்நிழலும் குறையும். கேக்குக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டி வைத்து, சுடர் அவள் மோவாய் உயரத்துக்கு வருமாறு பார்த்துக்கொண்டேன். மூக்கின் நிழல் நெற்றிக்கு ஏறவில்லை.

பின்னணிக்கு ஒரு மேசை விளக்கை மூலையில் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். மெழுகுவர்த்தி இல்லாமல் 1/13-ல் எடுத்தால் அறை இயல்பாகத் தெரியும் அளவுக்கு அதை மங்கலாக்கினேன். 1/100-ல் அப்போது அறை மூன்று ஸ்டாப் கீழே இறங்கி, திரைச்சீலையும் தலைமுடியின் விளிம்பும் மட்டும் மிஞ்சும். மங்கலாக்கும் வசதி உள்ள எல்ஈடி விளக்கில், சத்தமில்லா எலக்ட்ரானிக் ஷட்டரை வைத்து ஒத்திகை பார்த்தபோது படம் முழுக்கக் கோடுகோடாக வந்தது. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறியதும் என் விளக்கில் அது கண்ணுக்குத் தெரியவில்லை.

ஆனால் இதில் ஒரு குறை இன்னும் இருக்கிறது. f/3.2-க்குப் போகும்போது பின்னணியும் சேர்ந்து இருட்டிவிடுகிறது, ஊதும் படத்தில் பின்னால் நிற்கும் பாட்டியின் முகம் ஒரு நிழல்தான். அவரை இன்னும் இரண்டு எட்டு முன்னால் நிறுத்துவதா, விளக்கைக் கூட்டுவதா என்று தெரியவில்லை. விளக்கைக் கூட்டினால் பாட்டுப் பாடும் படங்களில் இருட்டு போய்விடும். இதற்கு நடுவில் புகையும் இழுக்கிறது: அணைந்ததும் எழும் அந்த வெள்ளை இழைகள் பின்னாலிருந்து ஒளி விழுந்தால்தான் தெரியும். அதே மேசை விளக்கை அவள் தோளுக்குப் பின்னால் மறைத்துவைத்துப் பார்க்கலாம் என்று அரிசிக் கிண்ணத்தை மறுபடி எடுத்து வைத்திருக்கிறேன்.