இரண்டு பத்தும் ஒன்றல்ல

மன்னார்குடிப் பக்கம் எனக்கு ஒரு சின்ன வெல்டிங் பட்டறை. கேஜ் வீல், ரோட்டவேட்டர், டிராக்டர் டேங்க் என்று வயல் வேலைக்கு வரும் எல்லாம் இங்கே வரும். ஒரு அரிசி ஆலையில் பராமரிப்பு வேலை கேட்டபோது, ஆபத்து மதிப்பீட்டுத் தாள் இருந்தால்தான் உள்ளே விடுவோம் என்றார்கள். நடக்கும் வாய்ப்புக்கு 1 முதல் 5, அடிபட்டால் எவ்வளவு மோசம் என்பதற்கு 1 முதல் 5, இரண்டையும் பெருக்க வேண்டும். அரை மணி நேர வேலை என்று நினைத்தேன். மூன்று வாரம் ஆனது.

முதல் சிக்கல் வார்த்தையில் வந்தது. 'அரிது', 'அடிக்கடி' என்று எழுதி, மூத்த வெல்டர் அண்ணனிடமும் உதவிப் பையனிடமும் தனித்தனியாக எண் போடச் சொன்னேன். கிரைண்டர் டிஸ்க் உடைந்து தெறிப்பதற்கு நான் 1 போட்டேன். அண்ணன் 3 போட்டிருந்தார். "தம்பி, நீங்க ஆபீஸ் ரூம்ல இருந்தீங்க. ரெண்டு தடவை உடைஞ்சிருக்கு" என்றார். தேய்ந்த 7 இன்ச் டிஸ்கை வீணாக்கக் கூடாது என்று 5 இன்ச் மெஷினில் மாட்டியிருக்கிறார்கள். நடு ஓட்டை இரண்டுக்கும் ஒன்றே, அதனால் பொருந்திவிடும். மேல் கவர்தான் இடிக்கும், அதைக் கழற்றிவிடுவார்கள். அந்த டிஸ்க் தாங்குவது நிமிடத்துக்குச் சுமார் 8,500 சுற்று, மெஷின் சுற்றுவதோ 11,000. எனக்குத் தெரியாமலே நடந்திருக்கிறது.

அதன்பின் எண்ணுக்கு அர்த்தத்தை எழுதி வைத்தோம். வாய்ப்பில் 1 என்றால் இந்தப் பக்கம் யாரும் கேள்விப்படாதது, 2 என்றால் தெரிந்த பட்டறை எதிலாவது நடந்தது, 3 என்றால் நம்மிடமே நடந்தது அல்லது மயிரிழையில் தப்பியது, 4 என்றால் வருஷத்தில் சில முறை, 5 என்றால் வாரா வாரம். பாதிப்பில் 2 ஒரு நாள் லீவு, 4 விரலோ கண்ணோ போவது, 5 உயிர். இதை எழுதிய பிறகு மூவரின் எண்ணும் பெரும்பாலும் ஒத்துப்போனது.

அடுத்து டீசல் டேங்க். ஓட்டையை அடைக்க வரும் டேங்க் வெடித்தால் 5, தெரிந்த இடத்தில் நடந்திருப்பதால் வாய்ப்பு 2, ஆக 10. கண்ணாடி போடாமல் பற்றவைத்து, ராத்திரி கண்ணில் மணல் அள்ளிப் போட்ட மாதிரி எரிவது வாரா வாரம் நடக்கிறது. 5 பெருக்கல் 2, அதுவும் 10. "அப்ப ரெண்டும் ஒண்ணுதானே அண்ணே, கண்ணாடியை முதல்ல வாங்குவோம்" என்றான் பையன். கணக்கு சரிதான், ஆனால் கண் எரிச்சல் இரண்டு நாளில் போய்விடும். இந்த எண்கள் ரூபாய் மாதிரி கூட்டிக் கழிக்கிற எண்கள் இல்லை, வரிசை காட்டும் குறிகள்தான். அதனால் பாதிப்பு 5 என்று வரும் எதுவும், பெருக்கல் எவ்வளவு குறைந்தாலும், ஆபத்து குறைவு என்று காட்டும் பச்சைக் கட்டத்துக்குப் போகக் கூடாது என்று தனி விதி வைத்தோம்.

அந்த விதி உடனே வேலைக்கு வந்தது. டீசலை வடித்துவிட்டால் போதும் என்றுதான் இருந்தோம். ஆனால் உள்சுவரில் ஒட்டியிருக்கும் படிமம் சூட்டில் ஆவியாகும், அதுதான் வெடிக்கும். இப்போது வெந்நீரும் சோப்பும் விட்டுக் கழுவி, பற்றவைக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழ்வரை தண்ணீர் நிரப்பி, மூடியைத் திறந்து வைத்துத்தான் தொடுகிறோம். வாய்ப்பு 1 ஆனது, பாதிப்பு 5-லேயே நின்றது. அதையும் 3 ஆக்கினால் தாள் அழகாக இருக்கும்தான். வெடித்தால் செத்துப்போவது மட்டும் மாறாது.

கடைசியில் மாட்டியது ஷாக். ஐப்பசி, கார்த்திகையில் தரை ஈரமாகவே கிடக்கும், வெல்டிங் ராடைப் பிடிக்கும் ஹோல்டரைத் தொட்டால் 'சுர்'ரென்று ஏறும். வாராவாரம் என்பதால் 5, உயிர் போகலாம் என்பதால் 5, மொத்தம் 25 என்று எழுதிவிட்டேன். அது தப்பு. வாராவாரம் நடப்பது சுர் மட்டும்தான், சாவு அல்ல. எந்தப் பாதிப்பை எழுதுகிறோமோ, அது நடக்கும் வாய்ப்பைத்தான் எழுத வேண்டும். அதனால் இரண்டு வரியாகப் பிரித்தோம். சுர்ருக்கு 5 பெருக்கல் 1. உயிருக்கு, கோடையில் 2 பெருக்கல் 5. மழையில் 3 பெருக்கல் 5, ஏனென்றால் போன மழையில் பையன் ஹோல்டரோடு இழுபட்டு எப்படியோ தப்பினான்.

கரண்ட் கசிந்தால் தானாக லைனைத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. இருக்கிறதே என்று அந்த 3-ஐக் குறைக்கப் பார்த்தேன். அண்ணன் விடவில்லை. அது கிரைண்டர் வயருக்கு உதவும். வெல்டிங் டிரான்ஸ்பார்மரின் வெளிப்பக்கச் சுற்று கரண்ட் லைனோடு ஒட்டாதது, அதனால் ஹோல்டரில் ஷாக் அடித்தால் ஈ.எல்.சி.பி. விழவே விழாது. உலர்ந்த பலகையும் உலர்ந்த கையுறையும்தான் காப்பு. பலகை வந்துவிட்டது. கையுறை மட்டும் மழையில் மத்தியானத்துக்குள் நனைந்துவிடுகிறது. ஆளுக்கு இரண்டு ஜோடி வாங்கும்வரை அந்தக் கட்டம் 15-லேயே இருக்கிறது, ஆலைக்காரரிடமும் அப்படியே கொடுத்துவிட்டேன்.