எம்-சாண்டில் எத்தனை லிட்டர் தண்ணீர்? வாணலியில் வறுத்து எடை போட்ட குறிப்பு

கான்கிரீட் கலக்கும்போது சிமென்ட் மூட்டைக்கு 25 லிட்டர் என்று கணக்காக அளந்து ஊற்றினாலும், மணலோடு சேர்ந்து உள்ளே போகும் தண்ணீரை யாரும் அளப்பதில்லை. அதை அளக்க ஆய்வகம் தேவையில்லை. ஒரு இரும்பு வாணலி, கரண்டி, கேஸ் அடுப்பு, 1 கிராம் வரை காட்டும் 5 கிலோ சமையலறைத் தராசு இருந்தால் ஒரு மணி நேர வேலை. ஆய்வகத்தில் இதையே 100 முதல் 110 டிகிரி வரை சூடாகும் ஓவனில் வைத்துச் செய்வார்கள்.

முதல் முறை குவியலின் மேலிருந்து 500 கிராம் அள்ளி வறுத்ததில் 488 கிராம் மிஞ்சியது. ஈரம் 2.5 சதவீதம். அதே குவியலின் அடியில் அள்ளிய 500 கிராம், காய்ந்தபின் 458 கிராம்தான். ஈரம் 9.2 சதவீதம். இரண்டு எடையும் சரி, ஆனால் இரண்டுமே அந்தக் குவியலின் ஈரம் இல்லை. மேல்பகுதி வெயிலில் காய்ந்துவிடுகிறது, தண்ணீர் அடிக்கு இறங்கிவிடுகிறது. தப்பு தராசில் இல்லை, மம்பட்டி போட்ட இடத்தில் இருக்கிறது.

அடுத்த முறை குவியலின் மேல்தோலை ஒரு சாண் அளவு தள்ளிவிட்டு, ஐந்தாறு இடங்களில் உள்ளிருந்து எடுத்து, தார்ப்பாயில் கொட்டிப் புரட்டி, நாலு பங்காகப் பிரித்து, எதிரெதிரே உள்ள இரண்டு பங்கை மட்டும் வைத்துக்கொண்டோம். அதிலிருந்து 1 கிலோ. எடை போடும் வரை மாதிரியை பிளாஸ்டிக் பையில் வாய் கட்டி வைக்க வேண்டும். திறந்த தட்டில் வெயிலில் கிடந்தால் அரை மணியிலேயே ஈரம் குறையத் தொடங்கிவிடும்.

100 கிராம் போதாதா என்றால், போதாது. 1 கிராம் பிசகு 100 கிராமில் 1 சதவீதம். 1 கிலோவில் 0.1 சதவீதம்தான்.

வாணலியையும் கரண்டியையும் சேர்த்தே எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள்: 1,180 கிராம். தராசை பூஜ்யமாக்கிவிட்டு அந்தப் பூஜ்யத்தை நம்பினால், அடுப்பில் இருக்கும் நேரத்தில் தராசு தானாக அணைந்து எல்லாம் போய்விடும். கரண்டியைச் சேர்ப்பதற்கும் காரணம் உண்டு: ஈர மணலில் கிளறிய கரண்டியில் தூசு ஒட்டும். கரண்டி கணக்கில் இல்லாவிட்டால் அந்தத் தூசும் ‘தண்ணீர்’ ஆகிவிடும்.

மணலோடு 2,180 கிராம். தீயை மிதமாக வைத்துக் கிளற வேண்டும். தீ அதிகமானால் மணல் வெடித்துத் தெறிக்கும், காய்ந்த எம்-சாண்ட் தூசு புகைபோல எழும். வெளியே போன ஒவ்வொரு கிராமும் ஈரத்தை கூட்டிக் காட்டும். நிறம் வெளுத்து, கட்டி உடைந்து, கரண்டியிலிருந்து சர்க்கரை மாதிரி சரிந்தால் ஏறக்குறைய காய்ந்துவிட்டது. அப்போது குளிர்ந்த கண்ணாடித் துண்டை மேலே சற்று உயரத்தில் பிடித்துப் பார்த்தால், பனி படிந்தால் இன்னும் ஈரம் பாக்கி என்று அர்த்தம்.

கண் சொல்வதோடு நிறுத்தக் கூடாது. பார்வைக்குக் காய்ந்ததும் ஆறவைத்துப் போட்ட எடை 2,127. இன்னும் ஐந்து நிமிடம் சூடாக்கி ஆறவைத்ததில் 2,120. மறுபடி சூடாக்கி ஆறவைத்ததில் 2,119. அடுத்தடுத்த இரண்டு எடைக்கும் 1 கிராம்தான் வித்தியாசம் என்பதால் அங்கே நிறுத்தினோம். முதல் எடையோடு விட்டிருந்தால் 8 கிராம் தண்ணீர் கணக்கில் வந்திருக்காது.

ஆறவைப்பதும் முக்கியம். கொதிக்கும் வாணலியை அப்படியே தராசில் வைத்துப் பார்த்தபோது 2,115 காட்டியது. சுற்றியுள்ள காற்று சூடாகி மேலெழும்போது தட்டு இலேசாகிவிடுகிறது, தராசின் உள்ளே இருக்கும் உணரியும் சூட்டில் தடுமாறுகிறது. மூடி போட்டு, கை தாங்கும் சூட்டுக்கு வந்தபின்தான் எடை.

கணக்கு:

```
காய்ந்த மணல் = 2119 - 1180 = 939
தண்ணீர் = 2180 - 2119 = 61
ஈரம் % = 61 / 939 x 100 = 6.5
```

பலர் சறுக்குவது இங்கேதான். 61-ஐ 1,000-ஆல் வகுத்தால் 6.1 வரும்; அது ஈர மணலின் சதவீதம். கலவைக் கணக்கில் வகுக்க வேண்டியது காய்ந்த எடையால்.

இந்த 6.5-ஐயும் அப்படியே கழிக்கக் கூடாது. மணல்துகள் தனக்குள் கொஞ்சம் தண்ணீரை உறிஞ்சி வைத்திருக்கும், அது சிமென்டுக்குக் கிடைக்காது. இந்த எம்-சாண்டின் உறிஞ்சல் 1.5 சதவீதம், தனியாகச் சோதித்து எடுத்த எண் அது, வறுத்துப் பார்ப்பதில் கிடைக்காது. ஆக, கலவையில் சேரும் தண்ணீர் 5 சதவீதம்.

ஒரு மூட்டைக்கு 100 கிலோ காய்ந்த மணல், 25 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், அள்ள வேண்டிய ஈர மணல் 106.5 கிலோ, வெளியிலிருந்து ஊற்ற வேண்டியது 20 லிட்டர். பார்க்காமல் 25 ஊற்றினால் உண்மையில் 30 லிட்டர் போயிருக்கும்; 50 கிலோ சிமென்டுக்கு தண்ணீர் விகிதம் 0.5-லிருந்து 0.6 ஆகிவிடும். இரவில் மழை பெய்தாலோ புது லோடு இறங்கினாலோ இந்த 20 லிட்டர் செல்லாது, மறுபடி வாணலியை ஏற்ற வேண்டியதுதான்.