வார்டை விட்டுக் கிளம்பும் முன் எழுதிய கடிதம்

தருமபுரியில் ஒரு தனியார் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். எம்.எஸ்சி. நர்சிங் இடம் உறுதியானதும் முதலில் இன்சார்ஜ் அக்காவிடம்தான் சொன்னேன். மாத டியூட்டி லிஸ்ட் போடுவது அவர்தான். நான் போவதை ஆபீஸ் வழியாக அவர் கேள்விப்படக் கூடாது. “சந்தோஷமா போ, ஆனா தேதியைத் தெளிவா எழுதிக் கொடு” என்றார்.

வேலையில் சேர்ந்தபோது கொடுத்த ஆர்டரை எடுத்துப் பார்த்தேன். ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும் என்று இருந்தது. அதைக் கணக்கிட்டுக் கடைசி நாளைக் குறித்தேன். “விலக அனுமதி வேண்டுகிறேன்” என்று எழுதவில்லை. அப்படி எழுதினால் அனுமதி வரும்வரை காத்திருக்க வேண்டியதாகிவிடும். நான் கொடுத்த கடிதம் இதுதான்:

“மதிப்பிற்குரிய நர்சிங் சூப்பரின்டெண்டன்ட் மேடம் அவர்களுக்கு,

எம்.எஸ்சி. நர்சிங் படிக்கச் செல்வதால் பணியிலிருந்து விலகுகிறேன். செப்டம்பர் 30 எனது கடைசிப் பணிநாள். பாம்புக்கடி நோயாளியின் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைந்திருக்கிறதா என்று சாய்த்துப் பார்க்க இங்கேதான் கற்றேன். என் முதல் நைட் டியூட்டியில் இன்சார்ஜ் சிஸ்டர் விடியும்வரை பக்கத்திலேயே நின்றார். இரண்டையும் மறக்க மாட்டேன். என் பொறுப்பிலுள்ள எமர்ஜென்சி டிராலியையும் மருந்துப் பதிவேட்டையும் முறையாக ஒப்படைத்துவிட்டுச் செல்கிறேன். பணி விடுவிப்பு ஆணையும் அனுபவச் சான்றிதழும் வழங்கக் கேட்டுக்கொள்கிறேன். அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.”

நன்றிக்கு இரண்டு வரிதான். எல்லாருடைய பெயரையும் போட ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் இது ஃபைலில் போய்ச் சேரும் காகிதம். ஒருவர் பெயர் விட்டுப்போனாலும் அவருக்கு வருத்தம். மற்றவர்களிடம் நேரில் போய்ச் சொன்னேன். சம்பளம், ஆள் பற்றாக்குறை பற்றியும் எழுதவில்லை. நான் போவது படிக்கத்தான், அது மட்டும் கடிதத்தில் இருந்தால் போதும்.

இரண்டு பிரதி எடுத்துப் போனேன். ஒன்றைக் கொடுத்துவிட்டு, இன்னொன்றில் “பெற்றுக்கொண்டேன்” என்று தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொண்டேன். முன்னறிவிப்பு எந்த நாளில் தொடங்கியது என்பதற்கு அதுதான் ஆதாரம்.

அப்புறம் அனுபவச் சான்றிதழ். எம்.எஸ்சி.யில் சேர, பதிவு பெற்ற நர்ஸாகக் குறைந்தது ஒரு வருட அனுபவம் கேட்கிறார்கள். அதனால் சேர்ந்த தேதி, விலகிய தேதி இரண்டும் அதில் இருக்க வேண்டும். எனக்கு முதலில் தந்த சான்றிதழில் “இங்கே பணிபுரிந்தார்” என்று மட்டும் இருந்தது. அங்கேயே நின்று, இரண்டு தேதிகளையும் பிரிவின் பெயரையும் சேர்த்து, நர்சிங் கவுன்சில் பதிவில் உள்ளபடி என் இனிஷியலையும் திருத்தி வாங்கிக்கொண்டேன். ஆபீஸில் வைத்திருந்த என் ஒரிஜினல் சான்றிதழ்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகே ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டேன்.